ஓட்டைப் பானையும் நீளும் இரவும்: பழங்கால நீர்க்கடிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டை போட்ட பாட்டிலை வைத்து நீர்க்கடிகாரம் செய்து காட்டுவது என் வழக்கம். எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பிள்ளைகளைவிடப் பெற்றோர் அதிகம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். பதில்களை இங்கே சேர்த்துத் தருகிறேன். பெரும்பாலும் எகிப்தின் கர்னாக் பானையை வைத்தே விளக்கியிருக்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் மற்றவை சுலபம்.

தண்ணி எப்படிங்க மணி காட்டும்?

ஒரு பானையின் அடியில் சின்னத் துளை போட்டுத் தண்ணீர் நிரப்பினால் மட்டம் மெல்ல இறங்கும். உள்சுவரில் கோடுகள் போட்டு வைத்தால், மட்டம் எந்தக் கோட்டுக்கு வந்திருக்கிறது என்று பார்த்து எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லிவிடலாம். இது ஒழுகும் வகை.

இதற்கு மறுதலையாக, தண்ணீர் சீராக வந்து விழுந்து ஒரு கலத்தை நிரப்ப, ஏறும் மட்டத்தைப் பார்ப்பது நிரம்பும் வகை. மூன்றாவது, துளையிட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை ஓர் அலகாக எண்ணுவது. நம் நாழிகை வட்டில் இந்த மூன்றாவது வகை.

எகிப்துல கிடைச்ச பானைன்னு சொல்றீங்களே, அது எப்படி இருக்கும்?

1904-இல் கர்னாக் கோயில் வளாகத்தில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்து, பிறகு ஒட்டப்பட்டது. மூன்றாம் அமன்ஹோதெப் என்ற அரசன் காலத்தது, அதாவது பொ.ஆ.மு. 14-ஆம் நூற்றாண்டு. பால்நிறக் கல்லில் குடைந்த பெரிய பூந்தொட்டி போல இருக்கும். உயரம் ஏறத்தாழ 35 செ.மீ.; வாய் அகலம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு; அடி அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வெளிப்புறம் முழுக்க விண்மீன் கூட்டங்களும் கோள்களும் மாதங்களுக்குரிய தெய்வங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன.

எனக்குப் பிடித்தது உள்பக்கம்தான். அங்கே 12 செங்குத்து வரிசைகள், மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் சம இடைவெளியில் 11 குழிகள். அவை இரவை 12 பங்காகப் பிரிக்கின்றன. ஒரே பானைக்குள் 12 அளவுகோல்கள் எதற்கு என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படைக் கேள்வி.

இரவுக்கு மட்டும்தானா? பகல்ல வேண்டாமா?

பகலில் நிழல் இருந்தது. எகிப்தியர் நிழலை அளந்து மணி சொல்லும் கருவிகளை வைத்திருந்தார்கள். இரவில் குறிப்பிட்ட விண்மீன்கள் எழுவதைப் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் மேகமோ புழுதியோ மறைத்தால் அது நடக்காது. கோயில் பூசைகளோ இரவிலும் குறித்த வேளையில் நடந்தாக வேண்டும். அதனால் வானத்தைப் பார்க்காமலே நேரம் சொல்ல ஒரு பானை தேவைப்பட்டது.

பானை ஏன் மேல அகலமா, கீழ குறுகலா இருக்கு? அழகுக்கா?

அழகுக்கு இல்லை. பானையில் தண்ணீர் உயரமாக நிற்கும்போது துளையில் அழுத்தம் அதிகம், அதனால் வேகமாகப் பாயும். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும். உயரம் கால் பங்காகும்போது வேகம் பாதியாகிவிடும்.

நேரான சுவருள்ள உருளைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுக்க வடிய 12 மணி நேரம் என்று வைத்தால், மேல் பாதி வடிய மூன்றரை மணி நேரம்தான் ஆகும். கீழ்ப் பாதிக்கு எட்டரை மணி. சம இடைவெளியில் கோடு போட்டால் முதல் மணிகள் ஓடிவிடும், கடைசி மணிகள் நகரவே நகராது. மேலே அகலத்தைக் கூட்டினால் இது சரியாகிறது. வேகமாக வெளியேறும் நேரத்தில் வெளியேற வேண்டிய தண்ணீரும் அதிகம் இருக்கும், ஆகவே மட்டம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும்.

ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும். மிகச் சரியாக இறங்க வேண்டுமானால் சுவர் ஒரு குறிப்பிட்ட வளைவில் இருக்க வேண்டும். கர்னாக் பானையின் சுவரோ நேர்ச்சரிவு. அதே மாதிரி அளவுள்ள பானைக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில், வாய்க்கு அருகில் மட்டம் இறங்குவது நடுவில் இறங்குவதைவிட ஐந்தில் ஒரு பங்கு மெதுவாக வருகிறது. அடிக்கு மிக அருகிலும் மறுபடி மெதுவாகிறது. ஆனாலும் உருளைப் பாத்திரத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஒரு மணின்னா 60 நிமிஷம்தானே? அது எப்படிக் கூடும், குறையும்?

நமக்கு அப்படி. அவர்களுக்கு, சூரியன் மறைந்தது முதல் உதிப்பது வரை இரவு. அது எப்போதும் 12 மணி. பகலும் அப்படியே 12 மணி. இரவு நீண்டால் ஒவ்வொரு மணியும் நீளும், இரவு சுருங்கினால் மணியும் சுருங்கும்.

இது நமக்கு அந்நியமான எண்ணம் இல்லை. ராகு காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டியில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தாலும், முறைப்படி அது சூரிய உதயம் முதல் அத்தமனம் வரையுள்ள பொழுதின் எட்டில் ஒரு பங்கு. ஆனியில் கொஞ்சம் நீளம், மார்கழியில் கொஞ்சம் குறைவு. எகிப்தியரின் மணியும் இதே போல நாளோடு சேர்ந்து நீண்டு சுருங்கும் பங்குதான்.

கர்னாக் இருக்கும் இன்றைய லக்சர் ஊரில், குளிர்காலத்தின் நீண்ட இரவு ஏறத்தாழ 13 மணி 25 நிமிடம்; கோடையின் குறுகிய இரவு 10 மணி 20 நிமிடம். பன்னிரண்டால் வகுத்தால் குளிர்கால இரவு மணி நம் கணக்கில் 67 நிமிடம், கோடை இரவு மணி 52 நிமிடம் வருகிறது. ஒரே அளவுகோலை ஆண்டு முழுக்க வைத்திருந்தால் பூசை தவறிவிடும்.

அப்போ தண்ணி ஒழுகுற வேகத்தை மாசத்துக்கு மாசம் மாத்தினாங்களா?

இல்லை. துளை அப்படியே இருக்கும், வேகமும் அப்படியே. மாற்றியது கோடுகளை. பானைக்குள் 12 வரிசைகள் இருப்பது இதற்காகத்தான்.

அளவை விரல்கடையில் சொல்வார்கள். எகிப்திய விரல்கடை ஏறத்தாழ 1.88 செ.மீ. மிகக் குறுகிய இரவுள்ள மாதத்துக்கு வரிசையின் நீளம் 12 விரல்கடை, மிக நீண்ட இரவுள்ள மாதத்துக்கு 14 விரல்கடை. மற்ற மாதங்கள் இடையில் வரும். அப்படியானால் கோடை மாதத்தில் மட்டம் 19 மி.மீ. இறங்கினால் ஒரு மணி. குளிர் மாதத்தில் 22 மி.மீ. இறங்கினால்தான் ஒரு மணி. மாலையில் பானையை நிரப்பிவிட்டு, நடப்பு மாதத்தின் வரிசையை மட்டும் பார்த்து மணி சொன்னால் போதும்.

இந்த 12-க்கு 14 என்ற கணக்கு பானையைவிடப் பழையது. அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்னால், முதலாம் அமன்ஹோதெப் காலத்து அதிகாரி அமனெம்ஹெத் என்பவர் தான் அரசனுக்காக ஒரு நீர்க்கடிகாரம் செய்ததாகத் தன் கல்லறையில் பொறித்திருக்கிறார். இரவின் நீளம் 12-க்கும் 14-க்கும் இடையில் மாறுவது அதில் வருகிறது.

12 விரல், 14 விரல்ங்கற கணக்கு சரியா வந்துச்சா?

வரவில்லை. நல்ல யோசனை, ஆனால் எண் போதவில்லை. 14-ஐ 12-ஆல் வகுத்தால் 1.17. உண்மையில் நீண்ட இரவு குறுகிய இரவைப்போல 1.3 மடங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மட்டம் சீராக இறங்குகிறது என்றும், குளிர்காலத்துக்குத் துளை கச்சிதமாக அமைந்துவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். 14 விரல்கடை இறங்க 13 மணி 25 நிமிடம் என்றால், ஒரு விரல்கடைக்கு ஏறத்தாழ 57 நிமிடம். இதே பானையைக் கோடையில் வைத்தால் 12 விரல்கடை இறங்க 11 மணி 30 நிமிடம் ஆகும். இரவோ 10 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. கிழக்கில் சூரியன் வந்துவிட்டபோது தண்ணீர் 11 விரல்கடைகூட இறங்கியிருக்காது. பானையில் இன்னும் பதினோராம் மணிதான் நடந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசகு.

இரவு என்பதை முழு இருட்டு மட்டும் என்று எடுத்து, அந்திப் பொழுதையும் விடியற்காலையையும் கழித்தால் சரியாகிவிடாதா என்று ஒரு ஆசிரியை கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவைக் கழித்தால் விகிதம் 1.3-ஐவிட இன்னும் கூடும், பிசகும் கூடும்.

தினமும் விடியுதே, தப்பா இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?

தெரியத்தான் செய்யும். விடியல் ஒவ்வொரு நாளும் வந்து பானையைச் சோதித்துவிட்டுப் போகிறது. வானம் தெளிந்த இரவில் விண்மீன்களோடும் ஒப்பிடலாம். கடைசிக் கோடு வருமுன் விடிந்தால் கடிகாரம் மெதுவாகப் போகிறது. கடைசிக் கோடு தாண்டியும் இருட்டாகவே இருந்தால் வேகமாகப் போகிறது.

கஷ்டம் என்னவென்றால், பிசகு தெரிவது வேறு, அதற்குக் காரணம் எது என்று கண்டுபிடிப்பது வேறு. விகிதம் தவறாக இருக்கலாம், துளை தேய்ந்து பெரிதாகியிருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், நேர்ச்சுவரின் குறையாக இருக்கலாம். எல்லாம் சேர்ந்துதான் ஒரு எண்ணாக வெளியே தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. அது அடுத்த கேள்வியில்.

கல்லுல செதுக்கின மாசம் மாறாதே, அப்புறம் ஏன் அதுலயும் சிக்கல்?

எகிப்தின் நிர்வாக நாட்காட்டியில் 30 நாள் கொண்ட 12 மாதங்கள், கூட 5 நாள், மொத்தம் 365. லீப் நாள் கிடையாது. சூரிய ஆண்டோ 365 நாளைவிடக் கால் நாள் அதிகம். ஆகவே நாலு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் மாதங்கள் பருவத்தை விட்டு நகர்ந்துகொண்டே போகும். 120 ஆண்டில் ஒரு முழு மாதம் தள்ளிவிடும்.

இதைப் பானையோடு சேர்த்துப் பாருங்கள். இன்று மிக நீண்ட இரவுக்கு உரிய மாதம் என்று 14 விரல்கடை வரிசைக்கு மேல் பெயர் பொறித்தால், பேரன் காலத்திலேயே அது அரை மாதம் தள்ளியிருக்கும். 700 ஆண்டு கழித்துப் பார்த்தால் அதே மாதம் கோடையில் வந்து நிற்கும். வரிசைகள் தவறில்லை, மேலே இருக்கும் பெயர்தான் இடம் மாற வேண்டும். ஆனால் கல்லில் வெட்டிய பெயரை அழித்து எழுத முடியாது. ஒரு கருவி உடையாமல், தேயாமல், அப்படியே இருந்தும் தவறாகிப் போவது என்னை எப்போதும் யோசிக்க வைக்கும்.

வேற நாட்டுலயும் இதே மாதிரி கோடு மாத்தினாங்களா?

பாபிலோனியர் கோட்டைத் தொடவில்லை, தண்ணீரின் அளவை மாற்றினார்கள். அவர்கள் தண்ணீரை எடை போட்டே நேரம் சொன்னார்கள். எடை அலகு மினா, ஏறத்தாழ அரைக் கிலோ. அவர்களுடைய வானியல் பலகைகளில், கோடையின் நீண்ட பகல் நாளில் பகல் காவலுக்கு 4 மினா, இரவுக் காவலுக்கு 2 மினா. பகலும் இரவும் சமமான நாளில் இரண்டுக்கும் 3 மினா. குளிர்காலத்தில் தலைகீழ். இடைப்பட்ட நாட்களுக்குச் சீராகக் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள்.

இங்கே பிசகு எதிர்த்திசையில். அந்தப் பகுதியில் நீண்ட பகலுக்கும் குறுகிய இரவுக்கும் உண்மையான விகிதம் ஏறக்குறைய 3-க்கு 2. அவர்கள் வைத்ததோ 2-க்கு 1. எகிப்தில் திருத்தம் போதவில்லை, பாபிலோனில் கூடிப்போனது. எடைக்கும் நேரத்துக்கும் நேர்விகிதம் இல்லை, அதனால் அவர்கள் எண் உண்மையில் சரிதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. உயரத்தைப் பற்றி மேலே சொன்ன காரணத்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

ரெண்டு பிரச்சினையையும் சேர்த்து யாராவது தீர்த்தாங்களா?

பொ.ஆ.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ் செய்த ஏற்பாடு அதற்கு மிக அருகில் வருகிறது. ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் அதை விவரித்திருக்கிறார். முதல் வேலை, ஒழுக்கைச் சீராக்குவது. மேலே ஒரு தொட்டி. அதில் தேவைக்கு அதிகமாகவே தண்ணீர் வரும், மிஞ்சியது விளிம்பு வழியாக வழிந்து போய்விடும். மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்பதால் துளையில் வேகமும் மாறாது. பானையின் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். துளையையும் தங்கத்திலோ ரத்தினக் கல்லிலோ போட்டார்கள். அவை தேயாது, பாசியும் துருவும் பிடித்து அடைக்காது.

சீராக விழும் தண்ணீர் கீழே ஒரு கலத்தை நிரப்பும். அதில் மிதவை, மிதவை மேல் ஒரு பொம்மை, அதன் கையில் ஒரு குச்சி. பக்கத்தில் நிற்கும் தூணில் மணிக் கோடுகள். இந்தக் கோடுகள் தூணைச் சுற்றி மாதத்துக்கு மாதம் நெருங்கியும் விலகியும் போகும். தூணைத் திருப்பி நடப்பு மாதத்தைக் குச்சிக்கு நேரே கொண்டுவந்தால் அந்த மாதத்து மணி கிடைக்கும். கர்னாக்கின் தனித்தனி வரிசைகள் இங்கே ஒன்றோடொன்று இணைந்து வளைகோடுகளாகிவிட்டன.

கோட்டை விட்டுவிட்டு ஒழுக்கையே மாற்றும் வழியும் அப்போது இருந்தது. கூம்பு வடிவ அடைப்பானை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் விட்ருவியஸே அது பல நேரம் சரிப்பட்டு வருவதில்லை என்கிறார். எனக்கும் அது சரியாகவே படுகிறது: கூம்பை மயிரிழை நகர்த்தினாலும் ஒழுக்கு நிறைய மாறிவிடும், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் வைப்பது நடக்காத காரியம். கோட்டை ஒருமுறை சரியாக வரைந்துவிட்டால் அது தானாக நகராது.

நம்ம நாழிகை வட்டில்ல இந்தத் திருத்தம் எதுவும் இல்லையே, அது எப்படி?

நாழிகை நீளாது, சுருங்காது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒன்றுக்கு 24 நிமிடம். அதனால் வட்டிலைத் திருத்த வேண்டியதில்லை. நாளின் நீளம் மாறும்போது மாறுவது எண்ணிக்கைதான்: பகலுக்கு எத்தனை நாழிகை, இரவுக்கு எத்தனை நாழிகை என்பது. மதுரையில் குறுகிய பகல் 29 நாழிகைக்குச் சற்றுக் குறைவு, நீண்ட பகல் 32-க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் மூன்று நாழிகைதான். அர்த்தசாஸ்திரம் சொல்லும் நீண்ட பகல் 18 முகூர்த்தம், அதாவது 36 நாழிகை, குறுகியது 24. அது வடக்கே வெகுதூரம் போனால் பொருந்தும் கணக்கு, தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது.

நீரை வைத்து நேரம் அறிந்து அரசனுக்கு அறிவிக்கும் பழக்கம் இங்கே சங்க காலத்திலேயே இருந்தது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனிடம் நாழிகைக் கணக்கர் வந்து, ‘குறுநீர்க் கன்னல்’ காட்டும் பொழுதைச் சொல்கிறார்கள்.

குளிர்ல தண்ணி மெதுவா ஓடுமாமே, உண்மையா?

உண்மை. 10 பாகையில் தண்ணீரின் பிசுக்கு, 30 பாகையில் இருப்பதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். மெல்லிய தகட்டில் போட்ட துளைக்கு இது பெரிதாகத் தெரியாது. நீண்ட, மிகக் குறுகிய குழாய் வழியாக ஒழுகினால் நன்றாகவே தெரியும்.

கர்னாக் அளவுள்ள பானை ஓரிரவு முழுக்க ஒழுக வேண்டுமானால், என் கணக்கில் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவுத் துளைக்கு வெப்பநிலையைவிட ஒரு மணல் துகள்தான் பெரிய எதிரி. தண்ணீரை வடிகட்டி ஊற்றாவிட்டால் நடு இரவில் கடிகாரம் நின்றுவிடும்.

வீட்டுல செஞ்சு பார்த்தேன், கோடு எல்லாம் கீழ போகப் போக நெருக்கமா வருது. தப்பா செஞ்சுட்டேனா?

இல்லை, சரியாகச் செய்திருக்கிறீர்கள். நேர்ச்சுவர் பாட்டில் என்றால் அப்படித்தான் வரும். காரணம் பானையின் வடிவம் பற்றிய பதிலில் இருக்கிறது. சரிபார்க்க ஒரு வழி: துளையிலிருந்து அளந்தால் பாதி உயரம் இறங்க 10 நிமிடம் ஆனால், மீதிப் பாதிக்கு ஏறத்தாழ 24 நிமிடம் ஆக வேண்டும். கடைசி ஒரு விரல்கடையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். அங்கே தாரை உடைந்து சொட்டுச் சொட்டாகி, எப்போது விழும் என்றே சொல்ல முடியாது. 24 நிமிடத்தைவிட மிக அதிகமாக ஆனால் துளையைப் பாருங்கள். சூடு காட்டிய ஊசியால் குத்தினால் உருகிய பிளாஸ்டிக் விளிம்பில் தங்கி, பாதியில் அடைத்துக்கொள்ளும்.

இயந்திரக் கடிகாரம் வந்ததும் இந்தத் தொல்லை முடிஞ்சுதா?

ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டில் எடையில் ஓடும் கடிகாரங்கள் பரவியபோது, ஆண்டு முழுக்க ஒரே நீளமுள்ள மணி பொதுவழக்காகத் தொடங்கியது. வானியலாளர்கள் அதற்கு வெகு காலம் முன்பே தங்கள் கணக்குக்குச் சம மணியைத்தான் வைத்திருந்தார்கள். ஊர் மக்கள்தான் பகலைப் பன்னிரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே இயந்திரக் கடிகாரம் வந்த பிறகும் பகலை ஆறு பங்கு, இரவை ஆறு பங்கு என்று பிரிப்பதை விடவில்லை. பகலுக்கு ஓர் அசைகோல், இரவுக்கு ஓர் அசைகோல் என்று இரண்டு வைத்து, அவற்றில் தொங்கும் சிறு எடைகளைப் பருவத்துக்கேற்ப நகர்த்தி வேகத்தை மாற்றினார்கள். சில கடிகாரங்களில் வேகத்தை விட்டுவிட்டு, முகப்பில் உள்ள மணி எண்களையே நகர்த்தி வைத்தார்கள். கர்னாக்கில் கோட்டை மாற்றியதும் கூம்பு அடைப்பானால் ஒழுக்கை மாற்றியதும் இங்கே பல்சக்கரத்தில் திரும்ப வருகின்றன. 1873-இல் ஜப்பான் புதிய நாட்காட்டிக்கு மாறியபோதுதான் அந்த மணியும் நின்றது.